அத்தியாயம் 3: பெயர் காலியாக இருக்கிறதா?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் பகுதிகளில் ஷெட் எடுத்துத் தொழில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே பெயரை முடிவு செய்துவிடுகிறார்கள். குலதெய்வத்தின் பெயர், மகளின் பெயர், அம்பத்தூரில் அப்பா நடத்திய லேத் பட்டறையின் பெயர் என்று மனதுக்கு நெருக்கமான ஒன்று அமைந்துவிடும். மறுவாரம் ரப்பர் ஸ்டாம்பும் லெட்டர்ஹெட்டும் தயாராகிவிடும். அந்தப் பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி, ஆடிட்டர் கம்பெனி பதிவுக்கு உட்காரும்போதுதான் எழும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் தேட வேண்டும். ஸ்டாம்பு அதற்குப் பிறகுதான்.

இந்தப் பகுதியில் இதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. இங்கே சிறு தொழிற்சாலைகள் கடைக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளரை நம்பி நடப்பதில்லை. கார் கம்பெனிக்கோ, அதற்கு உதிரிபாகம் கொடுக்கும் பெரிய சப்ளையருக்கோ வெண்டராகச் சேர்கின்றன. வெண்டர் கோடு வாங்கும் நாளில் உங்கள் பெயர், பான், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே எழுத்தில் பொருந்த வேண்டும். அதற்கு முன்பே அந்தப் பெயர் ஷெட் வாடகை ஒப்பந்தத்திலோ சிப்காட் குத்தகைப் பத்திரத்திலோ ஏறியிருக்கும். மின் இணைப்பு, தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, தரச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றிலும் அதே பெயர்தான். பின்னால் பெயரை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தால் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். திருத்தி முடியும் வரை பில் பாஸாவது தடைபடலாம்.

ஒரு பெயர், மூன்று பதிவேடுகள்

‘இந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. மூன்று பதிவேடுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மத்திய அரசின் கார்ப்பரேட் விவகார அமைச்சகம் வைத்திருக்கும் பதிவேடு. பிரைவேட் லிமிடெட், பப்ளிக் லிமிடெட், எல்.எல்.பி. எல்லாம் இதில் இருக்கும். இந்தியா முழுவதற்கும் ஒரே பதிவேடு என்பதால், நாக்பூரில் பதிவான கம்பெனியின் பெயரும் ஒரகடத்தில் தொடங்க நினைக்கும் உங்களுக்குத் தடையாக வரலாம்.

இரண்டாவது, வணிகக்குறிப் பதிவேடு. அன்றாடப் பேச்சில் டிரேட்மார்க். தென்மாநிலங்களுக்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. ஆனால் இங்கே பதிவான குறிக்கும் நாடு முழுவதும் பாதுகாப்பு உண்டு.

மூன்றாவது, 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவான பார்ட்னர்ஷிப் நிறுவனங்களின் பதிவேடு. தமிழ்நாட்டில் இதைப் பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பதிவேட்டில் பெயர் காலியாக இருந்தால் அந்தப் பதிவேட்டுக்கு மட்டும்தான் அது பொருந்தும். கம்பெனிப் பதிவேட்டில் இடம் கிடைத்த பெயரை வணிகக்குறி உரிமையாளர் எதிர்க்கலாம். பார்ட்னர்ஷிப்பாகப் பதிவான பெயரை, அது இருப்பதே தெரியாத இன்னொருவர் நாளைக்கே பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்யலாம்.

ஜி.எஸ்.டி. பதிவையும் உத்யம் சான்றிதழையும் காட்டி, ‘என் பெயர் பதிவாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் பலர். அந்த இரண்டு பதிவுகளிலும் பெயர் தனித்தன்மையோடு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரே வணிகப் பெயரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஜி.எஸ்.டி. எண் வாங்கலாம். வரி கட்டுபவர் யார் என்று அடையாளம் காட்டுவதுதான் அந்தச் சான்றிதழின் வேலை. பெயர் மீது உரிமை கொடுப்பது அதன் வேலையல்ல.

அதிகாரி எப்படி ஒப்பிடுகிறாரோ, அப்படி ஒப்பிடுங்கள்

எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும் பெயரை மட்டும் தேடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பெனிகள் சட்டம், 2013 அதைவிடக் கடுமையானது. அதன் 4ஆம் பிரிவு, இருக்கும் கம்பெனியின் பெயருக்கு ‘மிக நெருக்கமாக’ உள்ள பெயரையும் மறுக்கிறது. எது நெருக்கம் என்பதைக் கம்பெனிகள் பதிவு விதிகளின் 8ஆம் விதி சொல்கிறது. 2019இல் திருத்தப்பட்ட அந்த விதியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் எந்தெந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று அது பட்டியல் போடுகிறது.

ஒருமை பன்மை வேறுபாடு கணக்கில் வராது. எழுத்துகளுக்கு இடையே விடும் இடைவெளி, புள்ளி, சிறுகோடு இவையும் வராது. சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் பயனில்லை. `RAVI BUILDERS AND CONTRACTORS` இருக்கும்போது `RAVI CONTRACTORS AND BUILDERS` கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று விதியே உதாரணம் காட்டுகிறது. ஒரே ஒலிப்புக்கு வேறு எழுத்துக்கூட்டல் போட்டாலும் அப்படித்தான்: `BEE KAY`யும் `BK`யும் விதியின் கண்ணில் ஒரே பெயர்.

நம் பகுதியில் அடிக்கடி கையாளப்படும் இரண்டு உத்திகளும் இந்தப் பட்டியலில் அடிபட்டுப் போகின்றன. ஒன்று, ஊர்ப் பெயரைச் சேர்ப்பது. ஊர்ப் பெயர் இல்லாத ஒரு பெயர் ஏற்கெனவே இருந்தால், அதோடு ‘ஒரகடம்’ என்றோ ‘சென்னை’ என்றோ சேர்ப்பதால் அது புதுப் பெயர் ஆகாது. மற்றொன்று, எண்ணைச் சேர்ப்பது. ராசியான எண் என்று 9ஐயோ 24ஐயோ சேர்த்தாலும், அந்த எண் ஒரு பிராண்டைக் குறிக்காத வரை விதி அதைக் கண்டுகொள்ளாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. இருக்கும் கம்பெனி தன் இயக்குநர் குழுவின் தீர்மானம் மூலம் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால், நெருக்கமான பெயர் கிடைக்க வழி இருக்கிறது. ஒரே குடும்பத்தின் கம்பெனிகள் ஒரே முதற்சொல்லை வைத்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒரு பெயரைத் தேடிப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, டூல் ரூமில் வேலை பார்த்த இருவர் சேர்ந்து வல்லம் பக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தகடு அடித்து பிராக்கெட், கிளாம்ப் செய்து கொடுப்பது தொழில். அவர்கள் நினைத்திருக்கும் பெயர் `KATHIR PRESS COMPONENTS PRIVATE LIMITED`.

முதல் வேலை, இந்தப் பெயரிலிருந்து பொதுவான சொற்களை நீக்குவது. `PRIVATE LIMITED` எல்லோருக்கும் பொது. `PRESS COMPONENTS` தொழிலை விவரிக்கும் சொல். அதை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. மிஞ்சுவது `KATHIR`. இதுதான் பெயரின் உயிர்ச்சொல். தேடுதல் இதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

அடுத்து, அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. பதிவேடு ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லுக்கோ அதில் நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. கதிர் என்பதை `KATHIR`, `KADHIR`, `KATIR`, `KADIR`, `KATHEER` என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். சக்தி, லட்சுமி, வெற்றி போன்ற பெயர்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளும். நீங்கள் ஒரு விதத்தில் மட்டும் தேடி ‘யாரும் இல்லை’ என்று முடிவு செய்தால், பக்கத்து எழுத்துக்கூட்டலில் இருக்கும் கம்பெனியை அதிகாரி எடுத்துக் காட்டுவார்.

இப்போது `mca.gov.in` தளத்துக்குப் போகலாம். அங்கே `Check Company Name` என்ற சேவை இருக்கிறது. முழுப் பெயரையும் போட்டுத் தேடாமல் உயிர்ச்சொல்லை மட்டும் போடுங்கள். எழுதி வைத்த ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு தேடல் நடத்துங்கள். வரும் பெயர்களில் `COMPONENTS`, `ENGINEERING`, `AUTO`, `TOOLS`, `INDUSTRIES` போன்ற சொற்களோடு வருபவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் `KADHIR COMPONENTS PRIVATE LIMITED` என்று ஒன்று வந்தால், நம் நண்பர்களின் பெயர் அநேகமாகத் தேறாது. ஒலிப்பு ஒன்று, தொழிலும் ஒன்று. நடுவில் `PRESS` சேர்ந்ததை வைத்துக்கொண்டு வாதாடிப் பயனில்லை. `KATHIR TEXTILES PRIVATE LIMITED` மட்டும் வந்தால் நிலைமை வேறு. முதற்சொல் ஒன்றாக இருந்தாலும் தொழில் முற்றிலும் வேறு என்பதால் விண்ணப்பிக்க இடம் உண்டு. எதுவுமே வராவிட்டாலும் உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சேவை ஒரு தேடல் வசதி மட்டுமே. முடிவு சொல்வது அதிகாரி.

பட்டியலில் வரும் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும்

ஒரு பெயர் பட்டியலில் வந்துவிட்டால் அதோடு விட்டுவிடாமல், அந்தக் கம்பெனியின் அடிப்படை விவரங்களைத் திறந்து பாருங்கள். அதற்கான சேவையின் பெயர் `View Company or LLP Master Data`. அங்கே முதலில் பார்க்க வேண்டியது நிலை. `Active` என்றிருந்தால் கம்பெனி உயிரோடு இருக்கிறது. `Strike Off` என்றிருந்தால் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது என்றதும் பெயர் காலி என்று நினைத்துவிட வேண்டாம். 248ஆம் பிரிவின்படி நீக்கப்பட்ட கம்பெனியின் அதே பெயரை, அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். கலைப்பு நடவடிக்கை மூலம் முடிந்துபோன கம்பெனியின் பெயருக்கு இந்தக் காலம் 2 ஆண்டுகள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது சி.ஐ.என். எனப்படும் 21 எழுத்துள்ள அடையாள எண். அதன் முதல் எழுத்து, கம்பெனி பங்குச்சந்தையில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். அடுத்து தொழில் வகைக்கான 5 இலக்கம், பிறகு மாநிலத்துக்கான இரண்டு எழுத்து, அதன் பின் பதிவான ஆண்டு. கடைசியில் வரும் 6 இலக்கம் பதிவு எண். பெயர் மாறினாலும் கம்பெனியை அடையாளம் காட்டுவது இந்த எண்தான்.

இது எவ்வளவு பயன்படும் என்பதற்கு நம் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. அலுமினிய வார்ப்புப் பாகங்கள் செய்யும் சுந்தரம் கிளேட்டனுக்கு ஒரகடத்திலும் ஆலை உண்டு. 2023இல் அந்தக் குழுமம் தன் கம்பெனிகளை மறுசீரமைத்தபோது, 1962இல் பதிவான சுந்தரம் கிளேட்டன் லிமிடெட், டி.வி.எஸ். ஹோல்டிங்ஸ் லிமிடெட் என்று பெயர் மாறியது. வார்ப்புத் தொழிலைப் பெற்றுக்கொண்ட சுந்தரம் கிளேட்டன் டி.சி.டி. லிமிடெட் என்ற 2017ஆம் ஆண்டுக் கம்பெனி, சுந்தரம் கிளேட்டன் லிமிடெட் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஆக ஒரே பெயரை இரண்டு கம்பெனிகள் வெவ்வேறு காலத்தில் வைத்திருந்திருக்கின்றன. பழைய இன்வாய்ஸில் அந்தப் பெயரைப் பார்க்கும் ஒருவருக்கு, அது எந்தக் கம்பெனி என்பதை சி.ஐ.என்.இல் உள்ள ஆண்டு சொல்லிவிடும்.

உங்கள் தேடலுக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஒரு பெயரைக் கம்பெனி விட்டுவிட்டது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. அந்தக் குழுமத்துக்குள்ளேயே வேறொரு கம்பெனி அதை எடுத்திருக்கலாம். டிரேட்மார்க்காகவும் அது தொடரலாம். ஒரு பெயர் ‘முன்னாள் பெயர்’ என்று கண்ணில் பட்டால், இப்போது அது யார் கையில் இருக்கிறது என்பதையும் தேடுங்கள்.

டிரேட்மார்க் பதிவேடு

அடுத்து `tmrsearch.ipindia.gov.in` தளத்தில் உள்ள பொதுத் தேடல். இங்கே பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எந்த வகுப்பில் தேடுகிறோம் என்று எண் கொடுத்தால்தான் தேடல் நடக்கும். நம் பகுதித் தொழில்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுபவை நான்கு. வாகனங்களும் அவற்றின் பாகங்களும் 12ஆம் வகுப்பு. இயந்திரங்கள் 7. பொதுவான உலோகப் பொருள்கள் 6. பிறர் கொடுக்கும் பொருளுக்கு முலாம் பூசுவது, வெப்பப் பதனம் செய்வது போன்ற ஜாப் ஒர்க் 40. நம் பிரஸ் ஷாப் நண்பர்கள் நான்கிலும் தேட வேண்டும்.

`Wordmark` தேடலில் `Start With`, `Contains`, `Match With` என்று மூன்று வழிகள் உண்டு. `Match With` போட்டால் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவது மட்டும் வரும். அதை நம்ப வேண்டாம். `Contains` தேர்ந்தெடுத்து `KATHIR` என்றும் `KADHIR` என்றும் தேடினால், வேறு சொற்களோடு சேர்ந்திருப்பவையும் வரும். பிறகு `Phonetic` தேடலையும் ஒருமுறை பாருங்கள். ஒலிப்பு ஒத்துப்போகும் குறிகளை அது காட்டும்.

வரும் ஒவ்வொரு குறிக்கும் நிலை இருக்கும். `Registered` என்றால் நேரடித் தடை. `Objected`, `Opposed` என்றிருப்பவை இன்னும் முடிவாகாத விண்ணப்பங்கள். இவற்றைப் பலர் தள்ளிவிடுகிறார்கள், அது தவறு. நாளை பதிவு கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்தே அந்த உரிமை கணக்காகும். `Refused`, `Abandoned` என்றால் பதிவு இல்லை. ஆனால் அந்த உரிமையாளர் சந்தையில் தொழில் நடத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே குறியின் விவரத்தைத் திறந்து, எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள்.

ஒரே சொல் வேறு வேறு தொழிலில் நிலைத்திருக்க முடியும். ஒரகடத்தில் அப்போலோ டயர்ஸ் ஆலை இருக்கிறது; சென்னையில் அப்போலோ மருத்துவமனையும் இருக்கிறது. டயரும் மருத்துவமும் ஒன்றையொன்று தொடாத தொழில்கள். ஆனால் இதைப் பொது விதியாக எடுத்துக்கொண்டவர் மாட்டிக்கொண்ட வழக்கும் இருக்கிறது. மகேந்திரா அண்ட் மகேந்திரா பேப்பர் மில்ஸ் என்ற காகிதக் கம்பெனி மீது, வாகனங்கள் செய்யும் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடை வாங்கியது. எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. காகிதத்துக்கும் வாகனத்துக்கும் தொடர்பில்லை என்ற வாதம் தடையை நீக்க உதவவில்லை. பல பத்தாண்டுகளாகப் புழங்கிய அந்தப் பெயர் மக்கள் மனதில் ஒரு குழுமத்தோடு சேர்ந்துவிட்டது என்று பார்த்து, 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதைத் தொழில் மட்டும் தீர்மானிப்பதில்லை. பெயரின் புகழும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பெரிய குழுமங்களின் பெயர்களைப் பகுதிச் சொல்லாகக்கூட வைக்க வேண்டாம். வாகனப் பாகம் செய்யும் இந்தப் பகுதியில் ஆபத்து இரட்டிப்பு. உங்கள் தொழிலும் அவர்கள் தொழிலும் ஒன்றாகவே இருக்கும். பதிவான குறியை, அது பதிவான அதே பொருள்களில் வணிகம் செய்யும் ஒருவர் தன் வணிகப் பெயரில் ஒரு பகுதியாக வைத்தாலே அது மீறல் என்று 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது.

கணினியில் கண்ணுக்குப் படாதவர்கள்

பார்ட்னர்ஷிப் பதிவேடு தனி உலகம். 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, அரசின் ஆதரவு இருப்பதுபோல் தோன்றும் சில சொற்களைத்தான் பெயரில் வைக்கக் கூடாது என்கிறது. அதே பெயரில் இன்னொரு நிறுவனம் இருந்தால் மறுக்க வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் ஒரே பெயரில் இரண்டு பார்ட்னர்ஷிப்கள் பதிவாகியிருக்கலாம். எல்.எல்.பி. சட்டத்திலும் 2021 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பிடும் பட்டியலில் எல்.எல்.பி., கம்பெனி, டிரேட்மார்க் மூன்றும்தான் இருக்கின்றன. பார்ட்னர்ஷிப் நிறுவனங்கள் இல்லை.

பார்ட்னர்ஷிப் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்று 66ஆம் பிரிவு உரிமை தருகிறது. நீங்கள் ஷெட் எடுக்கும் பகுதிக்குரிய மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தேடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் சென்னைக்குள்ளும் இருந்தால் சென்னையிலும் தேட வேண்டும்.

புரொப்ரைட்டர் பெயரில் நடக்கும் பட்டறைகள், டிரேட்மார்க் வாங்கியிருந்தால் தவிர, இந்த மூன்று பதிவேடுகளிலும் இருக்காது. இவர்களைத் தேடக் காலால் நடக்கத்தான் வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் பெயரை வைத்துத் தேட முடியாது. எண்ணோ பானோ வேண்டும். அதனால் திருமுடிவாக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் உள்ள பெயர்ப் பலகைகள், சிங்கப்பெருமாள்கோவில் சாலையிலும் வாலாஜாபாத் சாலையிலும் உள்ள ஷெட்டுகள், வணிக விவரப் பட்டியல்கள், இணைய வரைபடம் எல்லாவற்றையும் பாருங்கள். ஸ்டீல் தகடு விற்பவரிடமும் முலாம் பூசுபவரிடமும், ‘கதிர் என்ற பெயரில் உங்களுக்கு யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா?’ என்று கேளுங்கள். எந்த இணையதளத்திலும் இல்லாத தகவல் அவர்களுடைய லெட்ஜரில் இருக்கும்.

பதிவில்லாதவரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். முன்பிருந்தே பயன்படுத்தி நற்பெயர் சம்பாதித்தவர், பதிவு இல்லாவிட்டாலும் வழக்குத் தொடுக்கலாம் என்பதால்தான். சந்தையில் யார் முன்னால் வந்தார் என்பதற்கு நீதிமன்றம் தரும் எடையை ‘பிரியஸ்’ வழக்கு காட்டியது. டெல்லியில் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம் 2001 முதல் அந்தப் பெயரைப் பயன்படுத்தி வந்தது. அதே பெயரில் உலகமெங்கும் கார் விற்ற டொயோட்டா எதிர்த்தது. அந்தக் காலத்தில் இந்தியச் சந்தையில் அந்தக் காருக்குப் போதிய அறிமுகம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய கம்பெனி தோற்றது. இங்கே முதலில் பயன்படுத்தியவரின் கை ஓங்கியது. ஆகவே உங்கள் முதல் இன்வாய்ஸ், முதல் டெலிவரி சலான், முதல் விசிட்டிங் கார்டு அச்சடித்த பில் மூன்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

பெயரை ஒதுக்கி வாங்குவது

தேடல் முடிந்து மனம் தெளிந்ததும், அமைச்சகத்தின் தளத்தில் `SPICe+` படிவத்தின் `Part A` பகுதியை நிரப்ப வேண்டும். இரண்டு பெயர்களை வரிசைப்படி கொடுக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். மறுக்கப்பட்டு, புதிதாக விண்ணப்பித்தால் கட்டணத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும். இந்த விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது மத்தியப் பதிவு மையம். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக் கம்பெனிகளின் கோப்பு பதிவான பின் சென்னை கம்பெனிப் பதிவாளரிடம் இருக்கும்.

இரண்டாவது பெயரை முதல் பெயரின் சிறு மாற்றமாகக் கொடுப்பதால் பயனில்லை. `KATHIR PRESS COMPONENTS` போகாவிட்டால் `KATHIR PRESSED PARTS` போகவும் வாய்ப்புக் குறைவு. உயிர்ச்சொல்லே வேறாக இருக்கும் பெயரைக் கொடுங்கள். இரு பங்குதாரர்களின் பெயர்களிலிருந்து அசைகளை எடுத்துப் புதிதாகக் கோத்த சொல் பெரும்பாலும் எளிதில் கிடைக்கும். பின்னால் டிரேட்மார்க் வாங்கவும் அதுதான் வசதி. பெயரின் பொருள், அதைத் தேர்ந்த காரணம், தொழிலின் விவரம் மூன்றையும் விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். டிரேட்மார்க் உங்களுடையது என்றாலோ, உரிமையாளர் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்றாலோ அதற்கான ஆவணத்தை இணைக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து பெயர் 20 நாட்களுக்கு உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் மீதிப் படிவங்களைப் போட்டுக் கம்பெனியைப் பதிவு செய்துவிட வேண்டும். முடியாவிட்டால் 1,000 ரூபாய் கட்டி 40 நாள் வரையும், மேலும் 2,000 ரூபாய் கட்டி 60 நாள் வரையும் நீட்டிக்கலாம். ஷெட் ஒப்பந்தமும் முகவரி ஆதாரமும் கையில் வராமல் பெயருக்கு விண்ணப்பிப்பவர்கள்தான் இந்த 20 நாளைக் கோட்டை விடுகிறார்கள். ஷெட் உரிமையாளரிடமிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதத்தை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஒப்புதல் வந்த பிறகும் ஒரு கதவு திறந்திருக்கும்

கம்பெனி பதிவாகிவிட்டால் பெயர் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். டிரேட்மார்க் உரிமையாளர் ஒருவர், கம்பெனி பதிவான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் அரசிடம் முறையிடலாம் என்று கம்பெனிகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. மண்டல இயக்குநர் விசாரித்து மாற்றச் சொன்னால் 3 மாதத்தில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அரசே புதுப் பெயர் கொடுத்துவிடும். கம்பெனிகள் பதிவு விதிகளில் 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் 33ஏ விதிப்படி அந்தப் பெயர் `ORDNC` என்று தொடங்கும். மண்டல இயக்குநரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. பின்னால் ஆண்டு, வரிசை எண், சி.ஐ.என். ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரோடு இன்வாய்ஸ் அனுப்பும் வெண்டரை எந்த பர்ச்சேஸ் மேனேஜரும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

அதனால் கம்பெனி பதிவான அதே வாரத்தில் உங்கள் பெயரையே டிரேட்மார்க்காக விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கும் சிறு தொழில் நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உத்யம் சான்றிதழ் உண்மையிலேயே பயன்படுவது இங்கேதான். அதைக் காட்டினால் 9,000 கட்ட வேண்டியதில்லை.

சுருக்கமாகச் செய்ய வேண்டியவை

1. பெயரிலிருந்து தொழிலைச் சொல்லும் சொற்களையும் `PRIVATE LIMITED`ஐயும் நீக்கி உயிர்ச்சொல்லைத் தனியே எழுதுங்கள்.
2. அதன் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் பட்டியலிடுங்கள்.
3. ஒவ்வொன்றையும் கம்பெனிப் பதிவேட்டில் தேடி, வருபவற்றின் நிலையையும் சி.ஐ.என்.ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.
4. உங்கள் தொழிலுக்குரிய வகுப்புகளில் டிரேட்மார்க் தேடலை `Contains`, `Phonetic` இரு வழியிலும் நடத்துங்கள்.
5. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பார்ட்னர்ஷிப் பதிவேட்டைப் பாருங்கள். தொழிற்பேட்டைகளிலும் சப்ளையர்களிடமும் விசாரியுங்கள்.
6. ஊர்ப் பெயரையோ எண்ணையோ சேர்த்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். மோதினால் உயிர்ச்சொல்லையே மாற்றுங்கள்.
7. தேடிய ஒவ்வொரு திரையையும் தேதி தெரியும்படி அச்செடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் எல்லாத் தேடலையும் மறுபடி ஒருமுறை செய்யுங்கள். நடுவில் வேறொருவர் அதே பெயரை எடுத்திருக்கலாம்.
8. போர்டு, லெட்டர்ஹெட், வெண்டர் விண்ணப்பம் மூன்றும் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே, புள்ளி இடைவெளி மாறாமல், எல்லாத் தாள்களிலும் போடுங்கள்.